கயால் எப்படி விரிகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த நண்பர்கள் ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டின் முக்கிய வடிவமான கயாலுக்கு வரும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் யமன் ராகத்தையே எடுத்துக்கொள்கிறேன். கல்யாணி தெரிந்தவர்களுக்கு யமனின் ஸ்வரங்கள் புதிதல்ல என்பதால் கவனம் முழுவதையும் அமைப்பின் மேல் வைக்கலாம்.

ஒரு ராகத்தை எடுத்தா முதல்ல இருந்து கடைசி வரைக்கும் என்னென்ன நடக்கும்?

முதலில் தபலா இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடம் ராகத்தின் முகத்தை மட்டும் காட்டுவார்கள். இதற்கு ஔசார் என்று பெயர். பிறகு மெதுவான தாளத்தில், அதாவது விலம்பித்தில், ஒரு பந்திஷ் தொடங்கும். அதுவும் அதைச் சுற்றி எழும் விரிவும் சேர்ந்ததுதான் படா கயால். பெரும்பாலான நேரம் இங்கேதான் செலவாகும். அது முடிந்ததும் அதே ராகத்தில், வேறொரு பந்திஷில், வேகமான தாளத்தில், அதாவது த்ருத்தில், சோட்டா கயால். சிலர் அதற்கும் மேல், பொருளில்லாச் சொற்களால் ஆன ஒரு தரானா பாடி நிறுத்துவார்கள்.

மொத்தம் நாற்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ ஆகலாம். இதில் எழுதி வைக்கப்பட்ட பாட்டு என்று பார்த்தால் இரண்டு பந்திஷ்களின் சில வரிகள்தான். மற்றதெல்லாம் மேடையிலேயே உருவாவது.

பந்திஷ்னா நம்ம கீர்த்தனை மாதிரிதானா?

பாதி ஒற்றுமை உண்டு. பந்திஷுக்கு ஸ்தாயி, அந்தரா என்று இரண்டு பகுதிகள். ஸ்தாயி என்ற பகுதி பெரும்பாலும் கீழ் ஸ்தாயியின் மேற்பகுதியிலும் நடு ஸ்தாயியிலும் நடமாடும். அந்தரா நடுவில் கிளம்பி மேல் ஸட்ஜத்தைத் தொடும். இந்த அளவில் பல்லவியையும் அனுபல்லவியையும் நினைத்துக்கொள்ளலாம். சரணம் போல மூன்றாவது பகுதி வழக்கமாகக் கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டு வரிக்கு மேல் போவது குறைவு. மொழி பெரும்பாலும் பிரஜ் பாஷை. பிரிந்து போன காதலன், மழைக்காலம், கண்ணன், மாமியார், நாத்தனார், சில சமயம் ஒரு சூஃபிப் பெரியவர் என்று பொருள் சுற்றி வரும். முகலாயப் பேரரசர் முகம்மது ஷா (ஆட்சிக் காலம் 1719–1748) அரசவையில் இருந்த நியாமத் கான் ‘சதாரங்’ என்ற முத்திரையில் இயற்றிய பந்திஷ்கள் இன்றும் பாடப்படுகின்றன.

வித்தியாசம் பயன்பாட்டில்தான் இருக்கிறது. கீர்த்தனையில் சங்கதிகள் வரிசையாக அமைந்து, உருப்படியே ஒரு முழுமையான படைப்பாக நிற்கும். விலம்பித் பந்திஷ் அப்படி நிற்பதில்லை. ராகத்தின் எந்த ஸ்வரத்தில் நிற்க வேண்டும், எந்தப் பிடியில் நுழைய வேண்டும், தாளத்தின் எந்த இடத்தில் வந்து இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அது சொல்லிக்கொடுக்கும். அதை வைத்துப் பாடகர் கட்டுவதுதான் கயால். அதனால்தான் குருமார்கள் ஒரே ராகத்தில் பல பந்திஷ்களைச் சொல்லித் தருகிறார்கள். ஒவ்வொன்றும் அதே ராகத்துக்குள் வேறொரு வாசல் வழியாகப் போகிறது.

இவ்வளவு சின்னப் பாட்டை வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் எப்படி ஓட்டறாங்க?

ஸ்தாயியின் தொடக்கத்தில் வரும் சில சொற்களுக்கு முக்டா என்று பெயர். தாளச் சுற்றின் முதல் மாத்திரையான ‘சம்’ மீது போய் விழுவதுதான் அதன் வேலை. பன்னிரண்டு மாத்திரை கொண்ட விலம்பித் ஏக்தாலில் முக்டா வழக்கமாகப் பதினொன்றாவது மாத்திரையை ஒட்டித் தொடங்கும். சம்மில் இறங்கிய பிறகு அடுத்த முக்டா வரும் வரை சுற்று முழுவதும் பாடகருக்குச் சொந்தம். அதை ராக விரிவால் நிரப்பிவிட்டு மறுபடி முக்டாவைப் பிடித்து சம்முக்கு வருவார். இப்படி ஒவ்வொரு சுற்றும் ஒரு பயணம். முக்டா திரும்பி வரும் வழி.

நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தத் திரும்பி வருதல் பழக்கமானதாகவே இருக்கும். ஆனால் நிரவலில் வரி முழுவதும் திரும்பத் திரும்ப வேறு உருவில் வரும். கயாலில் வரியின் தலைப்பகுதி மட்டும் போதும், மீதியை விட்டுவிடலாம். சில பாடகர்கள் தொடக்கத்தில் ஒரு முறை முழு ஸ்தாயியைப் பாடியதோடு சரி, பிறகு முக்டாவை வைத்தே கடைசி வரை போய்விடுவார்கள்.

சம் எங்க வருதுன்னே புரியல. கையால தாளம் போட்டா பாதியில தொலைஞ்சு போயிடறேன்.

கையால் போட முயல வேண்டாம். பாடகரும் போடுவதில்லை. தபலாவில் மாறாமல் ஒலிக்கும் சொற்கட்டு, அதாவது டேகா, அதுதான் அவருக்கு வழிகாட்டி. ஏக்தாலின் பன்னிரண்டு மாத்திரைகளுக்கு டேகா இது: தின், தின், தாகே, திரகிட, தூ, நா, கத், தா, தாகே, திரகிட, தின், நா.

‘திரகிட’ என்ற பொடிச் சொல் ஒரு சுற்றில் இரண்டு முறை, நான்காவது மாத்திரையிலும் பத்தாவது மாத்திரையிலும் வருகிறது. அதைத்தான் முதலில் காது பிடித்துக்கொள்ளும். எது எந்தத் திரகிட என்று அறிய, அதன் பின்னால் வருவதைக் கேளுங்கள். முதல் திரகிடவுக்குப் பின் ‘தூ, நா’. இதில் இடக்கைத் தபலாவின் கனத்த ஒலி இருக்காது. இரண்டாவது திரகிடவுக்குப் பின் ‘தின், நா’. இங்கே அந்த ஆழ்ந்த ஒலி திரும்ப வரும். அப்படி வந்தால் சம்முக்கு இரண்டே மாத்திரை பாக்கி, பாடகரும் முக்டாவுக்குள் நுழைந்திருப்பார். நாலைந்து சுற்று இதை மட்டும் கவனித்தால் பிறகு எண்ணாமலே சம் வரும் இடம் தெரிந்துவிடும்.

எவ்வளவு மெதுவா இருந்தா அது விலம்பித்?

கடிகாரம் வைத்து வகுத்த எல்லை கிடையாது. குரு பரம்பரை வழியாக வரும் பாடும் பாணிக்குக் கரானா என்று பெயர்; குவாலியர், கிரானா, ஜெய்ப்பூர், ஆக்ரா எல்லாம் அப்படிப்பட்டவை. இது கரானாவுக்குக் கரானா மாறும். இன்று மேடையில் பரவலாகக் கேட்கும் மிக மெதுவான ஏக்தாலில் ஒரு மாத்திரைக்கு ஏறக்குறைய நான்கு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாத்திரைக்கு 48 வினாடி. 25 நிமிடம் பாடினாலும் முப்பது சுற்றுக்குச் சற்று மேல்தான் வரும். ஜெய்ப்பூர்–அத்ரௌலி பாணியில் விலம்பித் தீன்தால் பாடும்போது மாத்திரைக்கு ஒன்று, ஒன்றரை வினாடிதான். பதினாறு மாத்திரையும் 16 முதல் 24 வினாடிக்குள் முடிந்துவிடும். இரண்டையும் விலம்பித் என்றுதான் சொல்கிறார்கள்.

இவ்வளவு மெதுவாகப் போவது கயால் பிறந்தபோதே இருந்ததல்ல. குவாலியர் பழைய பாணி இதைவிட விறுவிறுப்பானது. கிரானாவின் அப்துல் வஹீத் கான் லயத்தை இறக்கி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நிறைய நேரம் கொடுத்தார். அவர் பாட்டில் மனம் பறிகொடுத்த அமீர் கான் (1912–1974) பதினான்கு மாத்திரை ஜூம்ரா தாளத்தில் அதை இன்னும் நிதானமாகக் கொண்டுபோனார். இந்த வேகத்தில் மாத்திரைகளுக்கு இடையே பெரிய வெற்றிடம் விழும் என்பதால் தபலாக்காரர் ஒவ்வொரு மாத்திரையையும் உள்ளே நான்காகப் பிரித்துச் சிறு சொற்களால் நிரப்பிக்கொண்டே போவார். அந்த நிரப்பல் இல்லாவிட்டால் லயம் ஆட்டம் கண்டுவிடும்.

ராக ஆலாபனையைத் தாளத்தோட பாடறாங்க, அவ்வளவுதானே?

ஆலாபனையில் வித்வான் விரும்பினால் நேராக மேல் ஸ்தாயிக்குப் போய் ஒரு பிருகா போட்டுவிட்டுக் கீழே வரலாம். படா கயாலில், குறிப்பாகக் கிரானா வழியில், அந்த உரிமை முதல் பதினைந்து நிமிடத்துக்குக் கிடையாது. ஸ்வரம் ஸ்வரமாக ஏறும் இந்த வளர்ச்சிக்குப் பட்ஹத் என்று பெயர். யமனில் அது எப்படிப் போகும் என்று பார்ப்போம். மெதுவான ஏக்தால், முக்டாவின் சம் காந்தாரத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சில சுற்றுகள் ஸட்ஜத்தைச் சுற்றியே இருக்கும். கீழ் நிஷாதத்திலிருந்து ரிஷபத்தைத் தொட்டு ஸட்ஜத்துக்கு வருவது, கீழ் தைவதம் வரை இறங்கி ஏறுவது. யமனில் மேலே ஏறும்போது ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தாண்டிப் போவது வழக்கம். ‘நி ரி க’ என்ற பிடி முதல் சுற்றிலேயே ராகத்தைக் காட்டிவிடுவது அதனால்தான். அடுத்து ரிஷபம். அதில் நீண்டு நிற்க முடியாது, ஏனென்றால் காது காந்தாரத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்கும். நல்ல பாடகர் அந்த ஏக்கத்தை இரண்டு மூன்று சுற்று வளர்ப்பார். முக்டா சம்மில் காந்தாரத்தைத் தொட்டாலும், விரிவில் அங்கே போய் உட்கார மாட்டார்.

பிறகு காந்தாரம். இது யமனின் வாதி ஸ்வரம், ராகத்தின் நடு வீடு. இங்கே நாலைந்து சுற்று போகலாம். கீழே உள்ள ஸ்வரங்கள் எல்லாம் இப்போது காந்தாரத்தை வந்தடையும் விதவிதமான வழிகளாகிவிடும். அடுத்து பிரதி மத்யமம். அது தங்குமிடம் இல்லை, காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் தொடுக்கும் இழை. பஞ்சமம் வந்ததும் ஓர் ஓய்வு கிடைக்கும். அதற்கு மேல் தைவதம். பின் ஸம்வாதியான நிஷாதம். கடைசியில் நிஷாதத்தில் நின்று நின்று, மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் இறங்கி, மறுபடி ஏறி, ஒரு கட்டத்தில் ஸட்ஜத்தைத் தொட்டு நிற்பார். அரங்கில் ‘வாஹ்’ என்று எழும் இடம் பெரும்பாலும் இதுதான். இருபது நிமிடம் தள்ளிப்போட்ட ஒரு ஸ்வரம் என்பதால்தான் அதற்கு அந்த எடை.

எப்ப வார்த்தை வரும், எப்ப வெறும் ‘ஆ’ மட்டும் வரும்?

இரண்டும் கலந்தே வரும். பந்திஷின் சொற்களை வைத்து விரிவு செய்தால் போல் ஆலாப். ‘ஆ’ என்ற உயிரொலியில் மட்டும் செய்தால் ஆகார். ஸ்வரப் பெயர் சொல்லிப் பாடினால் சர்கம். தொடக்கத்தில் சொற்களும் ஆகாரும் மாறி மாறி வரும். வேகம் கூடியதும் சொற்களை லயத்தோடு வெட்டி விளையாடுவார்கள். கடைசியில் ஆகாரில் ஓடும் தான்கள், அதாவது வேகமான ஸ்வரக் கோவைகள், வரும். அமீர் கான் பாட்டில் இந்தப் பகுதியின் பெரும் பங்கைச் சர்கம் எடுத்துக்கொள்ளும்.

கயாலில் சர்கம் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்றல்ல. பழைய குவாலியர், ஜெய்ப்பூர் பாடகர்கள் பலர் அதைத் தொடுவதில்லை. கிரானாவின் அப்துல் கரீம் கான் (1872–1937) மைசூர் அரண்மனைக்கு வந்து போய்க் கர்நாடக சங்கீதத்தை நெருக்கமாகக் கேட்டவர். தியாகராஜரின் கரஹரப்ரியா கீர்த்தனையை இசைத்தட்டிலேயே பாடியிருக்கிறார். அவர் சர்கம் பாடியதில் நம் கல்பனாஸ்வரத்தின் சாயல் உண்டு என்று சொல்லப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அந்தரா ஏன் இவ்வளவு தாமதமா வருது? சிலர் பாடறதே இல்லையே?

மேலே பட்ஹத் பற்றிச் சொன்னதில் இதற்கான காரணம் இருக்கிறது. அந்தராவின் தலையே மேல் ஸட்ஜத்தில் இருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே பாடிவிட்டால், இருபது நிமிடம் காத்திருந்து அடைய வேண்டிய இடத்தை முன்கூட்டியே காட்டியதாகிவிடும். ஆகவே பட்ஹத் மேல் ஸட்ஜத்தை எட்டும் அதே தருணத்தில் அந்தராவைத் தொடங்குவார்கள். சாகித்யமும் ராகமும் ஒரே இடத்தில் சந்திக்கும்.

அமீர் கான் விலம்பித்தில் அந்தராவைப் பல முறை விட்டிருக்கிறார். அவருடைய விரிவே மேல் ஸ்தாயிக்குப் போய்விடுவதால் தனியாக அது தேவைப்படவில்லை. குவாலியரில் இது எடுபடாது. அங்கே ஸ்தாயி, அந்தரா இரண்டையும் முழுதாகப் பாடி பந்திஷை நிலைநிறுத்திய பிறகுதான் விரிவு. பந்திஷை அரைகுறையாக விடுவது அவர்களுக்குக் குற்றம். என் காதுக்கு, பந்திஷ் நல்லதாக இருந்தால் குவாலியர் வழியே நிறைவாக இருக்கிறது. சொற்கள் முழுதாகத் தெரிந்தால், பின்னால் போல் ஆலாபில் அவை உடைபடும்போது என்ன உடைகிறது என்று புரியும்.

தபலா ஆமை வேகத்துல போகுது, பாடறவர் மின்னல் மாதிரி தான் பாடறார். இது விலம்பித்தா, த்ருத்தா?

விலம்பித்தான். லயத்தை முடிவு செய்வது மாத்திரையின் நீளம். பாடகரின் ஸ்வர வேகம் அல்ல. தொண்டை தெளிவாக உச்சரிக்கும் வேகமான தானில் வினாடிக்கு எட்டு ஸ்வரம் என்று கொள்வோம். நான்கு வினாடி மாத்திரையில் 32 ஸ்வரம் அடங்கும். இதே பாடகர் பின்னால் நிமிடத்துக்கு 240 மாத்திரை ஓடும் த்ருத் தீன்தாலில் பாடினால் மாத்திரைக்கு இரண்டே ஸ்வரம். தொண்டைக்கு இரண்டும் ஒரே வேகம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 240 மாத்திரை வேகத்தில் தீன்தாலின் ஒரு முழுச் சுற்று, பதினாறு மாத்திரையும் சேர்ந்து, நான்கு வினாடி. அதாவது விலம்பித் ஏக்தாலின் ஒரே ஒரு மாத்திரைக்குள் முடிந்துவிடும். விலம்பித்தில் ஒரு தான் சம்முக்கு வர வேண்டுமானால் பாடகர் பாதிச் சுற்று முன்பே திட்டமிட வேண்டியிருக்கிறது. த்ருத்தில் சம் நான்கு வினாடிக்கு ஒரு முறை வந்து நிற்கிறது. இரண்டிலும் தான் கேட்பதற்கு வேறாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஒரே பந்திஷ் நடுவுல தாளம் கொஞ்சம் வேகமாகுற மாதிரி இருக்கே? என் பிரமையா?

பிரமை இல்லை. பட்ஹத் முடிந்து, சொற்களை வைத்து லய விளையாட்டும் தானும் தொடங்கும் கட்டத்தில் பல பாடகர்கள் வேண்டுமென்றே லயத்தை ஒரு படி ஏற்றுகிறார்கள். தபலாக்காரருக்கு ஒரு தலையசைப்பு, அல்லது அடுத்த முக்டாவைச் சற்று இறுக்கிப் பாடுவது. நான்கு வினாடி மாத்திரை மூன்று வினாடிக்கு வந்திருக்கலாம். இதை சம்மில் செய்வார்கள். நடுச் சுற்றில் அல்ல.

கட்டுப்பாடில்லாமல் நழுவிப் போவது வேறு. அப்போது ஏற்றம் எந்தச் சம்மிலும் தொடங்காது; பாடகரும் தபலாவும் மாறி மாறி ஒருவரையொருவர் இழுப்பது கேட்கும். ஜெய்ப்பூர் பாடகர்கள் பலர் தொடக்க லயத்தையே கடைசி வரை பிடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய விரிவு மாத்திரையோடு ஒட்டியே நடப்பதால் ஏற்ற வேண்டிய தேவை அவர்களுக்குக் குறைவு.

சோட்டா கயாலுக்கு எப்படித் தாவறாங்க? படிப்படியா வேகம் கூட்டியா?

இல்லை, முறிவுதான். ஒரு நீண்ட தான் சம்மில் இறங்கும், முக்டா ஒரு முறை வரும், தபலா நிற்கும். அடுத்த நொடி பாடகர் புதுப் பந்திஷைப் புதிய லயத்தில் எடுக்க, தபலாக்காரர் அதைக் கேட்டுப் புதுத் தாளத்தில் சேர்ந்துகொள்வார். விலம்பித் ஏக்தாலிலிருந்து த்ருத் தீன்தாலுக்குப் போவதுதான் அதிகம். யமனில் ‘ஏரி ஆலி பியா பின்’ என்ற தீன்தால் பந்திஷ் மாணவர்கள் முதலில் கற்பவற்றுள் ஒன்று. காதலன் இல்லாமல் நிம்மதி இல்லை என்று தோழியிடம் சொல்வது. த்ருத் ஏக்தாலும் உண்டு. மாத்திரை அதே பன்னிரண்டு, சொற்கட்டும் அதுவே. ஆனால் விலம்பித்தோடு எந்த உறவும் இல்லாதது போல் ஒலிக்கும். சிலர் நடுவில் பத்து மாத்திரை ஜப்தாலிலோ ஏழு மாத்திரை ரூபக்கிலோ ஒரு மத்ய லயப் பந்திஷைப் பாடி, அந்தத் தாவலை இரண்டு படியாக்குவார்கள்.

சோட்டா கயாலில் மறுபடி பட்ஹத் செய்யத் தேவையில்லை. ராகம் முழுதும் ஏற்கெனவே திறந்துவிட்டது. அதனால் இங்கே பந்திஷின் மெட்டு முன்னுக்கு வரும், சொற்கள் தெளிவாகக் கேட்கும், தான்கள் சம்மோடு மோதி விளையாடும். முடிவை நோக்கி லயம் ஏறிக்கொண்டே போகும்.

எல்லா கரானாவுக்கும் இதே வரிசைதானா?

எலும்புக்கூடு ஒன்றுதான், எடை மாறும். குவாலியரையும் ஜெய்ப்பூரையும் மேலே தொட்டாகிவிட்டது. ஆக்ராவில் பந்திஷுக்கு முன்பே ‘நோம் தோம்’ சொற்களால் கயாலுக்கு முந்தைய வடிவமான துருபத் பாணியில் நீண்ட ஆலாப் செய்வார்கள். ஃபையாஸ் கான் இசைத்தட்டுகளில் அதைக் கேட்கலாம். ராகம் பெரும்பகுதி அங்கேயே விரிந்துவிடுவதால், கயாலில் சொற்களைத் தாளத்தோடு பங்கு போட்டு விளையாடும் போல் பாண்டுக்கு அதிக இடம் கிடைக்கும்.

பழைய மூணு நிமிஷ இசைத்தட்டுல இதையெல்லாம் எப்படி அடக்கினாங்க?

அடக்கவில்லை, தேர்ந்தெடுத்தார்கள். மூன்று நிமிடத்தில் 48 வினாடிச் சுற்று நான்குகூட வராது. ஆகவே அப்துல் கரீம் கான் போன்றவர்கள் இசைத்தட்டுக்கு லயத்தைக் கூட்டி, முக்டா, இரண்டு மூன்று சிறு ஆலாப், அந்தரா, சில தான்கள் என்று ஒரு குறுஞ்சித்திரம் தந்தார்கள். அவற்றைக் கேட்டுவிட்டு அந்தக் காலத்தில் படா கயாலே இவ்வளவுதான் என்று முடிவு கட்டக் கூடாது. கரீம் கான் 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறந்தார். அவர் மேடையில் பாடிய நீண்ட கயாலின் முழுப் பதிவு நமக்குக் கிடைக்கவில்லை. முழு அளவில் கேட்க வேண்டுமானால் நெடுந்தட்டுக் காலத்துக்கு வர வேண்டும். அமீர் கானின் மார்வா ராகப் பதிவு அதற்கு நல்ல தொடக்கம்.

ஒருத்தர் சரியா பாடலைன்னு நான் எதை வெச்சு சொல்ல முடியும்?

மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது முக்டா. அது சம்மை நோக்கி வரும் வருகைக்கு ஆமத் என்று பெயர். விரிவு எங்கே முடிந்தது, முக்டா எங்கே தொடங்கியது என்று ஒட்டுத் தெரியாமல் வந்தால் நல்ல ஆமத். நேரம் போதாமல் சொற்களை விழுங்கி வந்தாலோ, நேரம் மிஞ்சிப் போய் ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டு காத்திருந்தாலோ கணக்குத் தவறியிருக்கிறது.

இரண்டாவது பட்ஹத்தின் பொறுமை. ஐந்தாவது நிமிடத்திலேயே மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டால் மீதி நேரத்துக்குப் போக இடமில்லை. பிறகு தான்களால்தான் நிரப்ப முடியும். இதற்கு எதிரான குறையும் உண்டு. ஒரே ஸ்வரத்தில் சுற்றுக்குச் சுற்று நின்றும் புதிதாக எதுவும் நடக்காமல் போவது. காந்தாரத்தில் நாலு சுற்று என்றால், நாலு சுற்றிலும் காந்தாரத்தை அடைந்த வழி வேறாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வேகத்தில் ராகம் நிற்கிறதா என்பது. மெதுவாகப் பாடும்போது யமனின் ‘நி ரி க’ பத்திரமாக இருக்கும். தான் வேகமெடுத்ததும் ‘ஸ ரி க ம ப’ என்று நேர்க்கோட்டில் ஏறி இறங்க ஆரம்பித்தால், அங்கே மிஞ்சுவது ஸ்வர வரிசை மட்டும்தான். சில பெரியவர்கள் நேரான தானையும் ராகம் சிதறாமல் பாடுவார்கள். அதனால் ஒரு தானை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அடுத்தடுத்து வரும் தான்கள் எல்லாமே அப்படி இருந்தால் சந்தேகப்படலாம்.